ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் செஸ்: முதலில் சிப்பாய்கள் மட்டும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. செஸ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், எல்லாக் காய்களின் நகர்வையும் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுகிறாள். எனக்கும் அடிப்படை மட்டும்தான் தெரியும். எந்தச் சிறு விளையாட்டுகளில் தொடங்கலாம்? வீட்டில் இருப்பது காந்தம் வைத்த சின்ன மடக்குப் பலகை. வேறு செட் வாங்க வேண்டுமா?

பதில்:

முழு ஆட்டத்தைச் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். பலகையில் வெள்ளைச் சிப்பாய்கள் எட்டும் கறுப்புச் சிப்பாய்கள் எட்டும் மட்டும் இருக்கட்டும். மற்ற பதினாறு காய்களும் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். அதுவே முதல் விளையாட்டு. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு காயாக வெளியே எடுத்தால் போதும்.

உங்கள் மகள் எழுந்து போவதற்குக் காரணம் அவளுடைய பொறுமைக் குறைவு அன்று. ஆறு வகைக் காய்கள், ஆறு வகை நகர்வுகள், முதல் நகர்வுக்கே இருபது வழிகள், இவற்றுக்கு மேல் செக், செக்மேட், காஸ்லிங் என்று அடுக்கினால், அவள் எதையும் செய்து பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கேட்டு முடித்து ஆட ஆரம்பித்த பிறகும் அவளுடைய காய்கள் காரணம் புரியாமல் ஒவ்வொன்றாகப் போய்விடும். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முழு ஆட்டத்தில் தொடங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் ராணியை வெளியே கொண்டுவந்து கண்ணில் பட்டதை வெட்டும் பழக்கத்துக்கு ஆளாகிவிடுவதையும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினமாக இருப்பதையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வயது தாமதமோ என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஆனந்த் ஆறு வயதில் தம் தாயாரிடம் கற்றார், குகேஷ் ஏழு வயதில் தொடங்கினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஆறு வயதுப் பிள்ளையிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: விரலால் தொட்டுக் காட்டாமலேயே மனத்துக்குள் மூன்று, நான்கு நகர்வுகளை எண்ணிப் பார்க்க அவளால் முடியும். சிப்பாய் விளையாட்டு அந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

முதலில் செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காந்தப் பலகை பயணத்துக்கு நல்லது, கற்றுக்கொள்வதற்கு அன்று. அதில் காய்கள் விரல் நுனி அளவே இருப்பதால், மேலிருந்து பார்க்கும்போது மந்திரியும் சிப்பாயும் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளை தன் நேரத்தில் பாதியை எது என்ன காய் என்று அடையாளம் காண்பதிலேயே செலவிடும். நீங்கள் வாங்க வேண்டியது பள்ளிப் போட்டிகளில் பயன்படுத்தும் வகை: சுருட்டி வைக்கக்கூடிய வினைல் பலகையும், ஸ்டான்டன் வடிவப் பிளாஸ்டிக் காய்களும். ஸ்டான்டன் என்பது 1849-இல் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட வடிவம். இன்று உலகம் முழுவதும் போட்டிகளில் காணப்படுவது அதுதான் என்பதால், அதில் பழகிய பிள்ளை எந்தப் பலகைக்கு முன் உட்கார்ந்தாலும் தடுமாறாது. விளையாட்டுப் பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே இந்த வகை கிடைக்கும். மரக்காய்கள் அழகானவை; ஆனால் குதிரையின் காது உடைந்தால் வீட்டில் வருத்தம்தான் மிஞ்சும். கண்ணாடிக் காய்களும் கார்ட்டூன் உருவக் காய்களும் அலமாரிக்கே உரியவை.

அளவு முக்கியம். போட்டிக்கான ராஜா ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் உயரமும், ஒரு கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டரும் இருக்கும். ஆகவே பலகை முழுதாக ஏறக்குறைய அரை மீட்டர் சதுரம் வரும். படிப்பு மேசையில் இடம் இல்லையென்றால் தரையில் விரித்துக்கொள்ளலாம். கடையில் அளவுகோல் தேவையில்லை. நான்கு சிப்பாய்களை எடுத்து ஒரே கட்டத்துக்குள் நெருக்கி வைத்துப் பாருங்கள். நான்கும் கோட்டைத் தாண்டாமல் அடங்கினால் காயும் பலகையும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை. அடுத்து, ராஜாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் இரும்பு எடை வைத்த காய் கனமாக இருக்கும். லேசாகச் சாய்த்து விட்டால் விழாமல் நிமிர்ந்துகொள்ளும். உள்ளே வெற்றிடமாக உள்ள காய்கள் நம் வீடுகளில் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், கை பட்டால் வரிசையாகச் சரியும். ஆட்டத்தின் நடுவில் எந்தக் காய் எங்கே இருந்தது என்று சண்டை வருவதற்கு இது ஒன்றே போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் கூடுதலாக ஒரு ராணி வைத்து மொத்தம் 34 காய்களாக விற்கும் செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் காரணம் பின்னால் வரும்.

பலகையின் ஓரங்களில் எழுத்தும் எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். மலிவான அட்டைப் பலகைகள் சிலவற்றில் இவை இருப்பதில்லை. நான் கீழே e4, b6 என்று எழுதுபவை அந்த எழுத்தும் எண்ணும்தான். வெள்ளைக்கு விளையாடுபவரின் இடக்கை மூலை a1, அது கறுப்புக் கட்டம். எனவே இருவருக்குமே வலக்கை மூலை வெள்ளையாக அமையும். பலகையைத் தவறாகத் திருப்பி வைத்துப் பழகுவது வீடுகளில் நான் அதிகம் காணும் பிழை. விரித்தவுடன் "வலக்கையில் வெள்ளை" என்று மகளையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள். வினைல் பலகையைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும்; மடித்தால் மடிப்பின் மேல் காய் சாயும்.

இனி விளையாட்டு. சிப்பாய்களை அவற்றின் வழக்கமான இடங்களில் அடுக்குங்கள். நேராக ஒரு கட்டம் நகரலாம். தொடங்கும் இடத்தில் இருக்கும்போது மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் நகரலாம். வெட்டுவது முன்புறம் மூலைவாட்டாக ஒரு கட்டம். பின்னால் திரும்புவது கிடையாது. எதிரியின் கடைசி வரிசையை முதலில் எட்டியவர் வென்றார். எதிரியின் சிப்பாய்கள் எல்லாவற்றையும் வெட்டினாலும் வெற்றி. தன் முறை வந்தபோது நகர்த்த எதுவுமே இல்லாமல் அடைபட்டுப் போனால் ஆட்டம் சமன். இந்தக் கடைசி விதியைத் தோல்வி என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நான் சமன் என்றே வைப்பேன். பின்னால் ஸ்டேல்மேட் வரும்போது பிள்ளைக்கு அது புதிதாக இராது.

எல்லாக் காய்களையும் விட்டுச் சிப்பாயில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நகர்வு ஒரு விதம், வெட்டு வேறு விதம் என்று இருக்கும் காய் அது ஒன்றுதான். முழு ஆட்டத்தில் பிள்ளைகள் மிக அதிகமாகக் குழம்புவதும் அதில்தான். மேலும், அது பின்வாங்காது என்பதால் அவசரத்தில் தள்ளிய ஒவ்வொரு நகர்வும் பலகையிலேயே நின்று தெரியும். நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டிய தேவையே இருக்காது.

முதல் நாள் ஆட்டம் அநேகமாக இப்படித்தான் போகும்: வெட்டக் கிடைத்தால் வெட்டுவாள், எதிரில் சிப்பாய் வந்து முட்டினால் வேறொன்றைத் தள்ளுவாள், முடிவில் இருபுறமும் ஓரிரு சிப்பாய்கள் தனித்து ஓடும். அந்த ஓட்டத்தில்தான் முதல் பாடம் இருக்கிறது. உங்கள் வெள்ளைச் சிப்பாய் a4-இல் இருக்கிறது. அவளுடைய கறுப்புச் சிப்பாய் h5-இல் இருக்கிறது. வழியில் யாரும் இல்லை. நீங்கள் எட்டாம் வரிசைக்குப் போக நான்கு நகர்வுகள் வேண்டும். அவள் முதல் வரிசைக்கு வரவும் நான்கே நகர்வுகள். ஆகவே யாருடைய முறையோ அவரே வெல்வார். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஆட்டத்தை அங்கே நிறுத்தி, "யார் முதலில் போய்ச் சேருவார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் கட்டங்களை எண்ணி, பிறகு "இப்போது யார் முறை?" என்று உங்களைத் திருப்பிக் கேட்டால், அவளுக்குப் புரிந்துவிட்டது.

சிப்பாய்களை நிறைய வெட்டுவதே வெற்றி என்ற எண்ணம் ஓரிரு நாள்களில் வேர்விடும். அதைக் களைவதற்கு நான் தவறாமல் வைக்கும் நிலை ஒன்று உண்டு. வெள்ளைச் சிப்பாய்கள் a5, b5, c5 ஆகிய மூன்று கட்டங்களில். கறுப்புச் சிப்பாய்கள் a7, b7, c7 கட்டங்களில். நகர்த்தும் முறை வெள்ளைக்கு. மூன்றும் மூன்றும் எதிரெதிரே சுவர்போல நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு வெற்று வரிசை. பார்த்தால் யாராலும் ஊடுருவ முடியாது என்றே தோன்றும். ஆனால் வெள்ளை வெல்லும்.

வழி இதுதான். நடுச் சிப்பாயை b6-க்குத் தள்ளுங்கள். அடுத்த நகர்விலேயே அது a7 அல்லது c7-ஐ வெட்டி மேலே போகும் என்பதால் கறுப்பு அதை உடனே வெட்டியாக வேண்டும். a7 சிப்பாயால் வெட்டினால், அடுத்து c5 சிப்பாயை c6-க்குத் தள்ளி அதையும் பலி கொடுங்கள். கறுப்பு b7-ஆல் அதை வெட்டியதும், இடப்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டது: a5 சிப்பாய் a6, a7, a8 என்று தடையின்றி ஓடும். கறுப்பிடம் இப்போது மூன்று சிப்பாய்கள் இருந்தாலும் எதற்கும் நேரம் இல்லை. மாறாக முதலில் c7 சிப்பாயால் வெட்டியிருந்தால், வெள்ளை a6 என்று தள்ளும். b7 சிப்பாய் அதை வெட்டும். இந்த முறை c5 சிப்பாய் ஓடும். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினாரோ, அதற்கு எதிர்ப்பக்கச் சிப்பாயைப் பலி கொடுக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி இந்த நிலையைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணினாள். b6 தள்ளினாள், நான் வெட்டினேன். இரண்டாவதையும் தள்ளிவிட்டுத் தன் சிப்பாய் வெட்டப்படுவதைப் பார்த்து அவள் முகம் வாடவில்லை. மூன்றாவது சிப்பாயின் மேல் விரலை வைத்தபடி "சார், உங்களால் இதைப் பிடிக்க முடியாது" என்றாள். இரண்டு காய்களை இழந்து ஆட்டத்தை வெல்வது என்பதை அவளுக்கு நான் வாயால் விளக்கியிருந்தால் அன்று அது நடந்திருக்காது. உங்கள் மகளுக்கும் விடையைச் சொல்லாமல் இந்த நிலையை மட்டும் வைத்துக் கொடுங்கள். அன்று கிடைக்கவில்லை என்றால் மறுநாள் மீண்டும் வையுங்கள். கண்டுபிடித்த பிறகு அதே நிலையைக் கறுப்பின் முறையாக வைத்துத் தடுக்கச் சொல்லுங்கள். b7 சிப்பாயை b6-க்குத் தள்ளினால் தடுக்கலாம். ஆனால் வெள்ளை எந்த நெடுவரிசையிலிருந்து வந்து வெட்டியதோ, அதே நெடுவரிசைச் சிப்பாயால்தான் திருப்பி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் அந்த வழியே ஒரு சிப்பாய் நழுவிவிடும்.

பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்; எப்போதும் வெல்வதும் நல்லதன்று. அதற்கு எளிய வழி, அவளுக்கு எட்டுச் சிப்பாய், உங்களுக்கு ஆறு. அவள் தொடர்ந்து இரண்டு முறை வென்றால் உங்களுக்கு ஒன்று கூடும். அப்போது நீங்கள் முழு மனத்தோடு ஆடலாம். அவள் வென்றால் அது உண்மையான வெற்றியாக இருக்கும்.

ஆன் பாஸான் என்ற விதி பலருக்கு விளங்காமல் போவது, அது முழு ஆட்டத்தின் நடுவில் தனியாகச் சொல்லப்படுவதால்தான். சிப்பாய் விளையாட்டில் அது தானே வந்து நிற்கும். உங்கள் சிப்பாய் ஐந்தாம் வரிசை வரை முன்னேறிவிட்டது. பக்கத்து நெடுவரிசையில் அவளுடைய சிப்பாய் இன்னும் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. ஒரு கட்டம் நகர்ந்தால் உங்களிடம் வெட்டுப்படும் என்பதால் இரண்டு கட்டம் தாவி உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவள் அப்படித் தப்பிக்கும் நாளில், ஒரே கட்டம் நகர்ந்ததாகப் பாவித்து அதை வெட்டும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும், அடுத்த நகர்விலேயே அதைச் செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்றும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் இது வேண்டாம். இரண்டாம் வாரத்தில் தானே நேரும்போது போதும்.

சிப்பாய்கள் நன்றாகப் பழகிய பிறகு யானையை எடுங்கள். வடிவத்தைப் பார்த்துச் சிலர் அதைக் கோட்டை என்பார்கள். எந்தப் பெயரானாலும் வீட்டில் ஒன்றையே சொல்லுங்கள். ஒருவரிடம் ஒரே ஒரு யானை, மற்றவரிடம் ஐந்து சிப்பாய்கள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் சிப்பாய்ப் பக்கம் வெற்றி; எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் யானைப் பக்கம் வெற்றி. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வென்றால் சிப்பாய்களின் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ சமப்படுத்திக்கொள்ளலாம். இருவரும் பக்கம் மாறி மாறி ஆடுவது அவசியம். யானையோடு ஆடும்போது, சிப்பாய்களை எதிரில் நின்று தடுப்பதைவிடப் பின்னால் போய்த் துரத்துவது எளிது என்பதை அவளே காண்பாள். சிப்பாய்களோடு ஆடும்போது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டும் ஒன்றையொன்று காப்பதில்லை, மூலைவாட்டாக முன்னும் பின்னும் நின்றால் பின்னது முன்னதைக் காக்கிறது என்பது விளங்கும். காவல் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகப் பயன்படுத்துவேன். இதே விளையாட்டை மந்திரிக்கு மூன்று சிப்பாய் என்று ஆடினால், தன் நிறக் கட்டத்தை விட்டு மந்திரி ஒருநாளும் வெளியே வராது என்பதும், எதிர் நிறக் கட்டத்தில் ஏறிக்கொண்ட சிப்பாயை அதனால் வெட்ட முடியாது என்பதும் ஒரே மாலையில் பதிந்துவிடும்.

குதிரைக்குத் தனி விளையாட்டு வேண்டும். அதன் பாய்ச்சலுக்கு நம் எழுத்தே உதவுகிறது: "ட" எழுதுவதுபோல இரண்டு கட்டம் ஒரு திசையில், பின் ஒரு கட்டம் பக்கவாட்டில். எந்தப் பக்கம் திருப்பிய "ட"வாகவும் இருக்கலாம். இடையில் காய் இருந்தால் தாண்டிப் போகும். பலகையில் பத்து நாணயங்களை ஆங்காங்கே வைத்து, a1 மூலையிலிருந்து குதிரையைக் கிளப்பி, எல்லாவற்றையும் பொறுக்க எத்தனை பாய்ச்சல் ஆயிற்று என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே இடங்களில் நாணயங்களை வைத்து அந்த எண்ணைக் குறைக்கப் பார்க்கட்டும். தவறாகப் பாய்ந்தால் கண்டுபிடிக்க ஒரு குறி உண்டு: ஒவ்வொரு பாய்ச்சலிலும் கட்டத்தின் நிறம் மாறியே ஆக வேண்டும். கறுப்பில் கிளம்பிக் கறுப்பிலேயே இறங்கினால் பாய்ச்சல் தவறு.

நாணய விளையாட்டு சலிக்கும்போது இந்தப் புதிரைக் கொடுங்கள். a1-இலிருந்து எதிர் மூலையான h8-க்குப் போக ஆறு பாய்ச்சல்கள் வேண்டும். அப்படியானால், a1-க்கு மூலையோடு மூலையாக ஒட்டியிருக்கும் b2-க்குப் போக எத்தனை? எல்லாப் பிள்ளைகளும் இரண்டு என்றுதான் சொல்வார்கள். இரண்டில் முடியாது, நான்கு வேண்டும்: c2, e3, d1, பிறகு b2. குதிரைக்குப் பக்கத்துக் கட்டம்தான் தூரம் என்பது இதன் பிறகு மறக்காது.

ராணியை வெளியே எடுக்க அவசரம் வேண்டாம். யானையும் மந்திரியும் தெரிந்த பிள்ளைக்கு ராணியை விளக்க ஒரு நிமிடம் போதும்; இரண்டும் சேர்ந்ததே ராணி. எட்டுச் சிப்பாய்களுக்கு எதிராக ராணியைத் தனியாக ஆடவிட்டு, காவல் உள்ள சிப்பாயை வெட்டினால் ராணியே போய்விடும் என்பதை ஒருமுறை காண விடுங்கள்.

ராஜாவை இத்தனைக்கும் பிறகு கொண்டுவரச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் செக்மேட் என்பது மற்றக் காய்களின் வீச்சு கண்ணுக்குத் தெரிந்த பிறகே பொருள்படும் கருத்து. முதலில் இருவருக்கும் ஒரு ராஜாவும் எட்டுச் சிப்பாய்களும் வைத்து ஆடுங்கள். ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. செக் வந்தால் நகர வேண்டும், தடுக்க வேண்டும், அல்லது செக் கொடுத்த காயை வெட்ட வேண்டும். மூன்றும் முடியாதபோது ஆட்டம் முடிகிறது. "ராஜாவை வெட்டிவிட்டேன்" என்று முடியும் ஆட்டங்களை வீட்டில் அனுமதித்தால், செக்மேட்டைத் தேடும் கண் வளர்வதற்கு அதிக நாள் பிடிக்கும்.

அடுத்து, தனி ராஜாவை இரண்டு யானைகளால் பலகையின் விளிம்புக்குத் தள்ளி மேட் செய்யும் பயிற்சி. கறுப்பு ராஜா e5-இல், வெள்ளை யானைகள் a4-இலும் b1-இலும், வெள்ளை ராஜா தன் இடமான e1-இல். ஒரு யானை நான்காம் வரிசையை அடைத்திருக்கிறது. மற்றது b5-க்கு வந்து செக் கொடுத்தால் ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியாக வேண்டும். அது d6-க்குப் போகிறது; a4 யானை a6-க்கு வந்து செக்; ராஜா c7-க்குப் போகிறது. ஏணியில் கால் மாற்றி ஏறுவதுபோல அடுத்து b7-இல் செக் கொடுக்கத்தான் பிள்ளையின் கை போகும். அங்கே ராஜா யானையையே வெட்டிவிடும். இந்தத் தவறை அவள் ஒருமுறை செய்யட்டும். பிறகு, ராஜா நெருங்கி வந்தால் யானையை அதே வரிசையின் மறுகோடிக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டுங்கள். யானை b5-இலிருந்து h5-க்குப் போகும். ராஜா b7-க்கு வந்து a6 யானையை மிரட்டினால் அதுவும் g6-க்குப் போய்விடும். ராஜா c7-க்குத் திரும்பினால் h7-இல் செக், d8-க்கு ஏறினால் g8-இல் மேட். கறுப்பு ராஜாவை நீங்கள் எடுத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் ஓடி, ஐந்தாறு முறை அவளை மேட் செய்ய வையுங்கள்.

ராணி ஒன்றும் ராஜாவும் வைத்து மேட் செய்யும் பயிற்சியில் ஸ்டேல்மேட் வந்தே தீரும். கறுப்பு ராஜா a8 மூலையில், வெள்ளை ராணி b6-இல், முறை கறுப்புக்கு: ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் போக ஒரு கட்டமும் இல்லை. ஆட்டம் சமன். வெல்லும் ஆட்டத்தை இப்படிச் சமனாக்கிவிட்டால் பிள்ளைக்கு அழுகை வரும். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாமல், ராணியை எங்கே வைத்திருந்தால் ராஜாவுக்கு ஒரு கட்டம் மிச்சம் இருந்திருக்கும் என்று சேர்ந்து தேடுங்கள்.

இவ்வளவுக்கும், நாளுக்கு இருபது நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் என்றால், ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் அவளாகவே "எல்லாக் காயையும் வைத்து ஆடலாமா?" என்று கேட்பாள். அன்று முழுப் பலகையை அடுக்குங்கள்: வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில். காஸ்லிங்கை முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு, அவளுடைய ராஜா நடுவில் நின்று அடிபட்ட மறுநாள் சொல்லிக்கொடுங்கள். தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதியும் அப்போதிலிருந்து நடப்புக்கு வரட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி செஸ் தெரிந்தவர்களாக இருந்தால் ஒரு சிக்கல் வரலாம். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு இரட்டை நகர்வு இல்லை. காஸ்லிங்குக்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோலப் பாயும். அது தவறான ஆட்டம் அன்று, வேறு ஆட்டம். இன்றைய விதி வேறு என்பதைப் பெரியவர் மனம் நோகாதபடி பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள். சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயாக மட்டும்தான் மாறலாம் என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு. அப்படி ஒரு விதி இன்று இல்லை. ராணி பலகையில் இருக்கும்போதே இரண்டாவது ராணி வாங்கலாம். கூடுதல் ராணி உள்ள செட்டைச் சொன்னது அதற்குத்தான்.

நீங்கள் இல்லாத நேரத்தில் அவளாகப் பழக வேண்டுமென்றால் lichess.org/learn என்ற பக்கத்தில் ஒவ்வொரு காயையும் நகர்த்தி நட்சத்திரங்களைப் பொறுக்கும் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் முதல் மாதம் கையால் காயைத் தொட்டு ஆடுவதே நடக்கட்டும். கடிகாரம் இப்போது தேவையில்லை.

பள்ளியில் முழு ஆட்டம் ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பிள்ளை அவளை நான்கு நகர்வில் மேட் செய்துவிடும். அதற்கு முன்பே வீட்டில் அதைக் காட்டிவிடுங்கள். வெள்ளை e4, கறுப்பு e5. வெள்ளை ராணி h5-க்கு வருகிறது. அது e5 சிப்பாயை மிரட்டுகிறது. கறுப்பு b8 குதிரையை c6-க்குக் கொண்டுவந்து காக்கிறது. வெள்ளை மந்திரி c4-க்கு வருகிறது. இப்போது ராணியும் மந்திரியும் சேர்ந்து f7 கட்டத்தைப் பார்க்கின்றன. அங்கே ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் g8 குதிரையை f6-க்கு எடுத்து ராணியை மிரட்டுவார்கள். ராணி f7-ஐ வெட்டி மேட் ஆகிவிடும். சரியான பதில், முதலில் g7 சிப்பாயை g6-க்குத் தள்ளி ராணியை விரட்டுவது. ராணி f3-க்குப் பின்வாங்கி மறுபடியும் f7-ஐக் குறிவைக்கும். இப்போதுதான் குதிரை f6-க்கு வர வேண்டும். அது வழியை அடைத்துவிடும். நீங்கள் வெள்ளையை எடுத்துக்கொண்டு இதே தாக்குதலை அவள் மேல் நான்கைந்து முறை நடத்துங்கள். பின்பு பலகையைத் திருப்பி, அவள் தாக்கட்டும், நீங்கள் g6 தள்ளுங்கள்.